வெள்ளி, ரிங்கிட், டாலர்: ஒரு சுற்று மாற்றினால் லாபம் நிற்குமா?

சிங்கப்பூரில் வேலை, ஜொகூர் பாருவில் வீடு என்று இருப்பவர்களுக்கு மூன்று நாணயங்கள் சகஜம். சம்பளம் வெள்ளியில், வீட்டுச் செலவு ரிங்கிட்டில், சேமிப்பாகக் கொஞ்சம் அமெரிக்க டாலர். மூன்றும் கையில் புழங்கும்போது ஒரு ஆசை வரும். வெள்ளியைக் கொடுத்து ரிங்கிட், ரிங்கிட்டைக் கொடுத்து டாலர், டாலரைக் கொடுத்து மறுபடியும் வெள்ளி என்று ஒரு சுற்று சுற்றினால், புறப்பட்டதைவிட அதிகமாகக் கையில் வந்து நிற்குமா? இதைத்தான் முக்கோண ஆர்பிட்ரேஜ் என்கிறார்கள். டாலர் ஏறுமா இறங்குமா என்ற ஊகத்துக்கு இதில் இடமே இல்லை. ஒரே நேரத்தில் நிற்கும் மூன்று விலைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றால்தான் லாபம். ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க ஒரு கால்குலேட்டர் போதும், ஆனால் எந்த எண்ணை எங்கே போடுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே வெள்ளி என்றால் சிங்கப்பூர் வெள்ளி, டாலர் என்றால் அமெரிக்க டாலர். விலைகளெல்லாம் கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. நீங்கள் போகும் நாளில் பலகையில் வேறு எண்கள் இருக்கும். போடும் முறை மாறாது.

ஒரே பலகையில் முக்கோணம் கிடையாது

ராஃபிள்ஸ் பிளேசில் உள்ள தி ஆர்கேட் கட்டடத்திலோ, முஸ்தஃபா பக்கமோ ஒரு மணி சேஞ்சர் கடையின் விலைப் பலகையைப் பாருங்கள். எத்தனை நாணயங்கள் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் விலை வெள்ளியில்தான். டாலருக்கு இத்தனை வெள்ளி, ரிங்கிட்டுக்கு இத்தனை வெள்ளி. டாலருக்கு இத்தனை ரிங்கிட் என்று ஒரு வரி இருக்காது. ரிங்கிட்டை நீட்டி டாலர் கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் கால்குலேட்டரில் இரண்டு முறை தட்டுவார்: முதலில் ரிங்கிட்டை வெள்ளியாக்குவார், அப்புறம் அந்த வெள்ளியை டாலராக்குவார். இப்படி மூன்றாவது நாணயம் வழியாகக் கணக்கிட்டு வரும் விலைக்குத்தான் குறுக்கு விகிதம் என்று பெயர். அது அவருடைய இரண்டு விலைகளிலிருந்தே பிறந்தது. அதனால் அவற்றோடு முரண்படவே முடியாது. அந்தக் கடைக்குள்ளேயே எத்தனை சுற்று சுற்றினாலும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அவரிடம் விட்டுவிட்டுத்தான் வருவீர்கள்.

முக்கோணத்தின் மூன்றாவது பக்கம் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஜொகூர் பாருக் கடைகளில் எல்லா நாணயத்துக்கும் விலை ரிங்கிட்டில். வெள்ளிக்கு இத்தனை ரிங்கிட், டாலருக்கு இத்தனை ரிங்கிட். சிங்கப்பூர்ப் பலகையிலிருந்து டாலர்–வெள்ளி விலை, ஜொகூர்ப் பலகையிலிருந்து டாலர்–ரிங்கிட் விலை, வெள்ளி–ரிங்கிட் விலை இரண்டு பக்கத்திலிருந்தும். இப்போதுதான் தனித்தனியாக முடிவான மூன்று விலைகள் நம் கையில் இருக்கின்றன. ரிங்கிட்டை எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1998 செப்டம்பரில் மலேசியா கொண்டுவந்த கட்டுப்பாடுகளுக்குப் பிறகு, ரிங்கிட் நாட்டுக்கு வெளியே வங்கிச் சந்தையில் தாராளமாகப் புரள்வதில்லை. இரண்டு பக்க நோட்டுக் கடைகளுக்கிடையே விலை அப்போதைக்கப்போது விலகி நிற்பதைப் பார்க்க இது நல்ல ஜோடி.

விலைகளை ஒரே முகமாகத் திருப்புதல்

பலகையில் ‘வாங்கும் விலை’, ‘விற்கும் விலை’ என்று இருப்பது கடைக்காரரின் பார்வையில். நம்மிடம் டாலர் இருந்தால் அவர் ‘வாங்கும்’ விலை நமக்கு. நமக்கு டாலர் வேண்டுமென்றால் அவர் ‘விற்கும்’ விலை. எப்போதும் இரண்டில் நமக்குப் பாதகமானதுதான் நம்முடையது. சந்தேகம் வந்தால் இதை வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த சிக்கல் அலகு. டாலருக்கு 1 டாலர் என்று போடுவார்கள். ரிங்கிட், ரூபாய், யென் போன்றவற்றுக்குப் பல கடைகளில் 100க்கு இத்தனை என்று இருக்கும். சில கடைகளில் ரிங்கிட்டை மட்டும் தலைகீழாக, ஒரு வெள்ளிக்கு இத்தனை ரிங்கிட் என்று எழுதியிருப்பார்கள். கணக்கைத் தொடங்குமுன் எல்லாவற்றையும் ஒரே முகமாகத் திருப்பியாக வேண்டும். நான் இங்கே வெள்ளி–ரிங்கிட் விலையை ‘ஒரு வெள்ளிக்கு எத்தனை ரிங்கிட்’ என்றே வைத்துக்கொள்கிறேன்.

சிங்கப்பூர்ப் பலகையில் 100 ரிங்கிட்டுக்கு வாங்கும் விலை 30.23 வெள்ளி, விற்கும் விலை 30.35 வெள்ளி என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். கடைக்காரர் ரிங்கிட்டை 30.35க்கு விற்றால், நம் ஒரு வெள்ளிக்கு 100 ÷ 30.35, அதாவது ஏறக்குறைய 3.2950 ரிங்கிட் கிடைக்கும். ரிங்கிட்டை 30.23க்கு வாங்கினால், ஒரு வெள்ளி பெற நாம் 100 ÷ 30.23, அதாவது 3.3080 ரிங்கிட் கொடுக்கிறோம். விலையைத் தலைகீழாக்கும்போது வாங்கும் விலையும் விற்கும் விலையும் இடம் மாறிவிடுகின்றன. இதைக் கவனிக்காமல் போட்டால் கடைக்காரரின் லாபம் முழுவதும் உங்கள் லாபமாகத் தாளில் தோன்றும். திருப்பிய பிறகு வாங்கும் விலை சிறியதாகவும் விற்கும் விலை பெரியதாகவும் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால் எங்கோ மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

சரி, கணக்குக்கான விலைகள் இவை. சிங்கப்பூரில் ஒரு டாலருக்கு வாங்குவது 1.3420 வெள்ளி, விற்பது 1.3480. ஜொகூரில் ஒரு டாலருக்கு வாங்குவது 4.4100 ரிங்கிட், விற்பது 4.4500. ஜொகூரில் ஒரு வெள்ளிக்கு வாங்குவது 3.2900 ரிங்கிட், விற்பது 3.3100.

நடு விலை காட்டும் லாபம்

கூகுளில் தேடினால் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே ஒரு விலைதான் வரும். அது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள எண். அந்த விலைக்கு எந்தக் கடையிலும் யாரும் உங்களுக்கு நோட்டைத் தரப்போவதில்லை. ஆனாலும் எல்லோரும் முதலில் அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். நாமும் போட்டுப் பார்ப்போம்.

நம் விலைகளின் நடு எண்கள் 1.3450, 4.4300, 3.3000. டாலர் வழியாகப் போனால் ஒரு வெள்ளியின் குறுக்கு விகிதம் 4.4300 ÷ 1.3450 = 3.2937 ரிங்கிட். நேரடி விலையோ 3.3000. அதாவது ஜொகூரில் நேரடியாக மாற்றும்போது வெள்ளிக்குக் கூடுதல் மதிப்பு. எது கூடுதல் மதிப்போடு நிற்கிறதோ அதை அங்கே விற்க வேண்டும். ஆகவே சுற்றின் திசை: வெள்ளியை ரிங்கிட்டாக, ரிங்கிட்டை டாலராக, டாலரை வெள்ளியாக. 10,000 வெள்ளியோடு புறப்பட்டால் 10,000 × 3.3000 ÷ 4.4300 × 1.3450 = 10,019.19. பத்தொன்பது வெள்ளி லாபம்!

இந்த நடு விலைக் கணக்கு வீண் என்று சொல்லமாட்டேன். எந்தத் திசையில் சுற்றிப் பார்ப்பது என்று அது சொல்லிவிடுகிறது. அதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

உண்மையான விலையில் இரண்டு சுற்று

இப்போது ஒவ்வொரு கட்டத்திலும் கடைக்காரர் உண்மையில் தரும் விலையைப் போடுவோம். ஜொகூரில் 10,000 வெள்ளியைக் கொடுத்தால் அவர் வாங்கும் விலை 3.2900, கையில் 32,900 ரிங்கிட். அதைக் கொடுத்து டாலர் கேட்டால் அவர் விற்கும் விலை 4.4500, கையில் 7,393.26 டாலர். சிங்கப்பூர் திரும்பி டாலரைக் கொடுத்தால் வாங்கும் விலை 1.3420, கையில் 9,921.75 வெள்ளி. லாபம் போய் 78 வெள்ளி நட்டம்.

எதிர்த் திசையையும் பார்த்துவிடுவோம். சிங்கப்பூரில் வெள்ளியைக் கொடுத்து டாலர், ஜொகூரில் டாலரைக் கொடுத்து ரிங்கிட், அங்கேயே ரிங்கிட்டைக் கொடுத்து வெள்ளி.

```
சுற்று 1 = 10000 * 3.2900 / 4.4500 * 1.3420 = 9921.75
சுற்று 2 = 10000 / 1.3480 * 4.4100 / 3.3100 = 9883.73
```

இரண்டும் 10,000க்குக் கீழே, ஆகவே லாபம் இல்லை. இதுதான் முழுப் பரிசோதனை. இரண்டு வரிகளையும் ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு வைத்துக்கொண்டால் விலை மாறும்போதெல்லாம் ஆறு எண்களை மட்டும் மாற்றினால் போதும். ஒரு சுற்று நட்டமானால் மறு சுற்று லாபமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நடு விலையில் அது சரி. வாங்கும் விலையும் விற்கும் விலையும் வேறாக இருக்கும்போது இரண்டுமே நட்டமாவதுதான் வழக்கம்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் நல்ல கடையைத் தேர்ந்தெடுத்தால் தேறுமா? சுற்று 1இன் முதல் கட்டத்தை ஜொகூருக்குப் பதில் சிங்கப்பூரில் 3.2950க்குச் செய்தால் 32,950 ரிங்கிட் வரும். கடைசியில் நிற்பது 9,936.83. பதினைந்து வெள்ளி மிச்சம், ஆனாலும் நட்டம்தான்.

எவ்வளவு விலகினால் லாபம்?

‘லாபம் இல்லை’ என்பதோடு நிறுத்தாமல், எந்த விலை எங்கே வந்தால் லாபம் தொடங்கும் என்று தெரிந்துகொள்வதுதான் பயன் தரும். அதற்குக் குறுக்கு விகிதத்தையும் ஒற்றை எண்ணாகப் பார்க்காமல் இரண்டு எண்களாகப் பார்க்க வேண்டும். டாலர் வழியாக ஒரு வெள்ளியை விற்றால் கிடைப்பது 4.4100 ÷ 1.3480 = 3.2715 ரிங்கிட். டாலர் வழியாக ஒரு வெள்ளியை வாங்க ஆகும் செலவு 4.4500 ÷ 1.3420 = 3.3160 ரிங்கிட். இரண்டு வகுத்தலிலும் நமக்குப் பாதகமான ஜோடிதான் சேர்ந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நேரடி வெள்ளி விலை 3.2900–3.3100. குறுக்கு வழி விலை 3.2715–3.3160. நேரடி விலை குறுக்கு விலையின் வயிற்றுக்குள் இருக்கிறது. லாபம் வர வேண்டுமென்றால் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பிரிந்து நிற்க வேண்டும். ஒன்று, நேரடியாக வாங்கும் விலை 3.3160க்கு மேலே ஏற வேண்டும். அல்லது நேரடியாக விற்கும் விலை 3.2715க்குக் கீழே இறங்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும்வரை லாபம் கிடையாது.

சுற்று 1ஐ வேறு மாதிரி கேட்கலாம்: ஜொகூரில் டாலர் என்ன விலைக்குக் கிடைத்தால் எனக்குக் கட்டும்? 3.2900 × 1.3420 = 4.4152. அதற்குக் கீழே கிடைக்க வேண்டும். ஆனால் அதே கடை டாலரை 4.4100க்கு வாங்குகிறது. விற்கும் விலை 4.4152க்குக் கீழே என்றால், வாங்குவதற்கும் விற்பதற்கும் இடையே அரை சென் மட்டுமே வைத்துக்கொண்டு அவர் கடை நடத்த வேண்டும். வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் இருக்க, நோட்டுக் கடையில் அது நடக்கிற காரியமில்லை. சாதாரண நாளில் இந்த முக்கோணம் மூடியே இருப்பதற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

லாபம் தெரிந்தால் முதலில் சந்தேகப்படுங்கள்

எப்போதாவது திறந்திருப்பதுபோலத் தெரியும். ரிங்கிட் விலை சட்டென்று இறங்கிய காலைநேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜொகூர்க் கடையின் பலகையில் டாலர் விற்கும் விலை இன்னும் 4.3700. கணக்கு 10,000 × 3.2900 ÷ 4.3700 × 1.3420 = 10,103.39 என்கிறது. நூற்று மூன்று வெள்ளி! பஸ் ஏறுவதற்கு முன் ஒரு போன் போடுங்கள். பெரும்பாலும் பேச்சு இப்படித்தான் போகும்:

“அண்ணே, டாலர் 4.37ன்னு போட்டிருக்கே, அந்த விலைக்குக் கிடைக்குமா?”

“அது நேத்து ரேட்ண்ணே, இன்னும் மாத்தல. இன்னிக்கு 4.45.”

பலகையில் உள்ளது விலையின் பழைய படம். கடைக்காரர் வாயால் சொல்வதுதான் விலை. ஒப்பிடும் விலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எடுத்தவையாக இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். காலை ஒன்பது மணி ஜொகூர் விலையையும் மதியச் சிங்கப்பூர் விலையையும் சேர்த்துப் போட்டால், வருவது லாபமல்ல. நடுவில் சந்தை நகர்ந்த தூரம்.

விலை உண்மையாகவே நின்றாலும் கேட்க வேண்டியது, எந்த நோட்டு தருவார் என்பது. சிங்கப்பூரில் 1.3420 என்பது பொதுவாகப் புதிய 100 டாலர் நோட்டுக்கான விலை. சிறிய நோட்டுக்கும் கசங்கிய பழைய நோட்டுக்கும் குறைத்துத்தான் தருவார்கள். ஜொகூரில் 20 டாலர் நோட்டுகளாக வாங்கி வந்து, இங்கே அதற்கு 1.3350தான் என்றால், கையில் 10,050.69. லாபத்தில் பாதி நோட்டு அளவிலேயே போய்விட்டது. கேட்கும் அளவுக்குக் கடையில் டாலர் இருக்கிறதா என்பதும் கேள்விதான். மலிவான விலைக்குச் சரக்கு எப்போதும் கொஞ்சமாகத்தான் இருக்கும்.

அப்புறம் பாலம். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் வரிசை நீண்ட நாளில், இரண்டாவது கட்டத்துக்கும் மூன்றாவது கட்டத்துக்கும் நடுவில் மணிக்கணக்கில் நேரம் போகும். அதற்குள் சிங்கப்பூரில் டாலர் 1.3420இலிருந்து 1.3400க்கு இறங்கினால் 7,528 டாலரில் 15 வெள்ளி காணாமல் போகும். கையில் டாலரை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது நீங்கள் செய்வது ஆர்பிட்ரேஜ் அல்ல, டாலர் இறங்காது என்ற பந்தயம். இதைத் தவிர்க்க வழி உண்டு. சிங்கப்பூரில் ஏற்கெனவே டாலர் கையிருப்பும், ஜொகூரில் ஏற்கெனவே வெள்ளிக் கையிருப்பும் இருந்து, இரண்டு ஊரிலும் ஆள் வைத்து ஒரே நிமிடத்தில் எல்லாக் கட்டத்தையும் முடித்தால் விலை நகர்வது பாதிக்காது. தொழில் செய்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அதற்கு இரு பக்கமும் பணம் முடங்கிக் கிடக்க வேண்டும் என்பதும், பிறருக்குப் பணம் மாற்றித் தருவதைத் தொழிலாகச் செய்ய சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் வேண்டும் என்பதும் தனி.

தொகையைப் பெருக்கினால் லாபமும் பெருகும் என்று நினைத்தால், எல்லையில் சில எண்கள் இருக்கின்றன. சிங்கப்பூருக்குள்ளோ வெளியிலோ 20,000 வெள்ளிக்கு மேல் மதிப்புள்ள ரொக்கம் கொண்டுசென்றால் தெரிவிக்க வேண்டும். மலேசியாவில் அந்த வரம்பு 10,000 அமெரிக்க டாலர் மதிப்பு. தெரிவிப்பது வரி கட்டுவதல்ல, படிவம் நிரப்புவதுதான். தெரிவிக்காமல் பிடிபட்டால்தான் வம்பு.

திரையில் இதே கணக்கு

இதே பரிசோதனையை வங்கிகள் கணினியில் ஓயாமல் செய்கின்றன. 2022இல் உலக நாணயச் சந்தை வணிகத்தில் லண்டன், நியூயார்க்கை அடுத்து மூன்றாவது இடம் சிங்கப்பூருக்கு. அந்த வணிகத்தில் 88 விழுக்காட்டில் ஒரு பக்கம் டாலர் இருந்தது. அதாவது யூரோ–வெள்ளி போன்ற ஜோடிகளுக்கான விலையே பெரும்பாலும் டாலர் வழியாகக் கட்டப்படுகிறது.

திரையில் ஒரு யூரோவுக்கு இத்தனை டாலர் என்னும் EUR/USD விலை 1.0850–1.0851, ஒரு டாலருக்கு இத்தனை வெள்ளி என்னும் USD/SGD விலை 1.3450–1.3452 என்று வைத்துக்கொள்வோம். இங்கே டாலர் ஒரு ஜோடியில் பின்னாலும் மற்றதில் முன்னாலும் இருப்பதால் வகுக்கக் கூடாது, பெருக்க வேண்டும். வாங்கும் பக்கம் 1.0850 × 1.3450 = 1.45933; விற்கும் பக்கம் 1.0851 × 1.3452 = 1.45968. ஒரு வங்கி EUR/SGD ஜோடியில் யூரோவை 1.4600க்கு வாங்கத் தயார் என்றால், டாலர் வழியாக யூரோவை 1.45968க்கு வாங்கி அதனிடம் விற்கலாம். பத்து லட்சம் யூரோவுக்கு 323 வெள்ளி. ஆனால் அந்த 1.4600 கண் இமைக்கும் நேரம்கூடத் திரையில் நிற்காது. மனிதக் கை பொத்தானை அழுத்துமுன் ஏதோ ஒரு மென்பொருள் எடுத்துவிட்டிருக்கும். மாதம் இத்தனை விழுக்காடு உறுதி என்று சொல்லி முக்கோண ஆர்பிட்ரேஜ் திட்டத்தில் பணம் கேட்டு யாராவது வந்தால், வாங்கும் விலையும் விற்கும் விலையுமாக ஆறு எண்களையும், அவை எடுக்கப்பட்ட நேரத்தையும் கேளுங்கள். நடு விலையை வைத்துப் பேசினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

சாதாரணமாக இது உதவும் இடம்

சுற்றி வந்து லாபம் எடுப்பது அரிது என்றாலும், ஒரு வழியாக மட்டும் மாற்ற வேண்டியவருக்கு இதே கணக்கு காசு மிச்சம் பிடித்துத் தரும். கையில் 10,000 ரிங்கிட் இருக்கிறது, மகளின் அமெரிக்கப் பயணத்துக்கு டாலர் வேண்டும் என்று வையுங்கள். ஜொகூரிலேயே மாற்றினால் 10,000 ÷ 4.4500 = 2,247.19 டாலர். சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து வெள்ளியாக்கி டாலராக்கினால் 10,000 ÷ 3.3080 ÷ 1.3480 = 2,242.56 டாலர். அங்கேயே மாற்றுவது நாலரை டாலர் மேல். எப்போது இது தலைகீழாகும் என்பதையும் ஒரே பெருக்கலில் பார்த்துவிடலாம்: 3.3080 × 1.3480 = 4.4592. ஜொகூர்க் கடை டாலருக்கு 4.4592 ரிங்கிட்டுக்கு மேல் கேட்டால், ரிங்கிட்டை இந்தப் பக்கம் கொண்டுவந்து மாற்றுங்கள். அதற்குக் கீழே என்றால் அங்கேயே வாங்கிவிடுங்கள்.